கேரட் அல்வா தண்ணீராகப் போவது எங்கே?

தோலைச் சீவுங்கள், அடி கனமான பாத்திரம் எடுங்கள், அடிப்பிடிக்காமல் கிளறுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே சில தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை மட்டும் பார்ப்போம்.

பேச்சு வசதிக்கு ஒரு அளவு: கேரட் அரைக் கிலோ, கொழுப்பு நிறைந்த ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர், சர்க்கரை 150 கிராம் (முக்கால் கப்), நெய் ஐந்து மேசைக்கரண்டி, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய் நான்கு.

மிக்சியில் போட்டுச் சுற்றுவது

வேண்டாம். கூழும் சாறும்தான் வரும். துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள்.

துருவலைப் பிழிந்து சாறெடுப்பது

தண்ணீர் விடக் கூடாது என்று பயந்து சிலர் துணியில் கட்டிப் பிழிகிறார்கள். கேரட்டின் இனிப்பும் நிறமும் அந்தச் சாற்றோடு போய்விடும். மிஞ்சுவது சக்கை. தண்ணீரை அடுப்புதான் எடுக்க வேண்டும், கை அல்ல. இரண்டு கரண்டி நெய்யில் துருவலைப் போட்டு, மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். பச்சை வாசனை போய், துருவல் சற்றுச் சுருங்கி, நிறம் கொஞ்சம் அடர்ந்தால் போதும், பாலை ஊற்றலாம்.

சர்க்கரையை முன்னாடியே கொட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஏனென்றால் மற்ற தவறுகளில் அல்வா சுமாராகவாவது வரும், இதில் பாலும் நெய்யும் முந்திரியும் சேர்ந்து வீணாகும்.

என் அண்ணன் மகள் ஒரு விசேஷத்துக்காக ஒரு கிலோ கேரட்டில் செய்தாள். பாலிலேயே இனிப்பு ஏறட்டும் என்று பாலையும் சர்க்கரையையும் ஒன்றாக ஊற்றிவிட்டாள். அப்புறம் போன் வந்தது. “அத்தை, ஒரு மணி நேரமா கிளறுறேன், இன்னும் பாயசமாவே இருக்கு. சோள மாவு கரைச்சு ஊத்திரட்டுமா?” வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஊற்றியாகிவிட்டது. ஆறிய பிறகு பார்த்தால் சுற்றிலும் பசை மாதிரி ஒன்று, நடுவில் கேரட் நறுக் நறுக்கென்று. வந்தவர்கள் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். அரைக் கிலோ கேரட்டிலும் அரை லிட்டர் பாலிலும் சேர்த்தால் முக்கால் லிட்டருக்கு மேலேயே தண்ணீர் இருக்கும். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போனால்தான் அல்வா. சர்க்கரையை முதலிலேயே போட்டால், அது கேரட்டுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துக் கரைந்து, எல்லாமே நீர்த்த பாகாகிவிடும். சர்க்கரை கலந்த தண்ணீர் வற்றவும் அதிக நேரம் எடுக்கும். இன்னொன்றும் நடக்கிறது: சர்க்கரைத் தண்ணீரில் கேரட் சீக்கிரம் வேகாது. வேகட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் பாகு முற்றிவிடும். சுடச்சுட ருசிக்கும்போது நன்றாகத்தான் தெரியும், ஆறினால் கரண்டி இறங்காது. பாலும் சர்க்கரையும் நெடுநேரம் சேர்ந்து காய்வதால் நிறமும் பழுப்படித்துவிடும்.

சரி, எப்போது போடுவது? பால் முழுக்க வற்றி, கேரட் முழுக்க வெந்த பிறகு. அகலமான கடாயில் மூடாமல் வைத்தால் அரை லிட்டர் பாலுக்கு அரை மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள், கடாயைப் பாருங்கள். கரண்டியால் நடுவில் அடிவரை ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளையாகப் பால் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு அப்படியே நின்றால் வற்றிவிட்டது. அப்போது சத்தமும் மாறியிருக்கும். தளதள என்று கொதித்தது போய் மெல்லிய சுர்ர் மட்டும் கேட்கும். துருவல் இழைகளில் வெள்ளை வெள்ளையாகப் பால் திப்பிகள் ஒட்டியிருக்கும். பால் திரிந்துவிட்டதோ என்று அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அல்வாவுக்குக் கனத்தைக் கொடுப்பதே அதுதான். ஒரு இழையை எடுத்து விரலில் நசுக்கினால் மசிய வேண்டும். மசியவில்லை என்றால் கால் டம்ளர் சூடான பால் தெளித்து மறுபடி வற்ற விடுங்கள். சர்க்கரை விழுந்த பிறகு அதை வேகவைத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இப்போது சர்க்கரையைப் போட்டால், இரண்டே நிமிடத்தில் எல்லாம் மறுபடி இளகும். இங்கேதான் புதியவர்கள் பதறிப்போய்ப் பால் பவுடரைத் தேடுகிறார்கள். இது கொஞ்சத் தண்ணீர்தான்; பத்து நிமிடம் விடாமல் கிளறினால் போய்விடும்.

ஏற்கெனவே முன்னாடி கொட்டிவிட்டீர்களா? மாவு எதையும் கரைத்து ஊற்றாதீர்கள். கடாயில் இருப்பதைப் பெரிய வடிகட்டியில் வடியுங்கள். கீழே இறங்கும் இனிப்புப் பாலை வேறொரு அகலப் பாத்திரத்தில் தனியாகக் காய்ச்சுங்கள். கேரட்டை இன்னும் அரை டம்ளர் சூடான பாலில் மசிகிற வரை வேகவிட்டு வற்ற வையுங்கள். காய்ச்சிய பால் தேன் பதத்துக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கிளறுங்கள். முதல் தரமாக இருக்காது, ஆனால் பரிமாறலாம்.

குக்கர்

அவசரத்துக்குக் குக்கர் தப்பில்லை. ஆனால் குக்கர் வேகவைக்கும், வற்ற வைக்காது. மூடியைத் திறந்ததும் உள்ளே எவ்வளவு தண்ணீர் போட்டீர்களோ ஏறக்குறைய அவ்வளவும் இருக்கும். விசில் போனதும் சர்க்கரையைக் கொட்டுவது, மேலே சொன்ன அதே தவறுதான். கடாய்க்கு மாற்றிக் கோடு நிற்கும்வரை வற்ற வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

நெய்யை ஒரேயடியாக ஊற்றுவது

மீதி மூன்று கரண்டி நெய், சர்க்கரைத் தண்ணீர் வற்றிய பிறகு, இரண்டு தடவையாக. ஈரம் இருக்கும்போதே ஊற்றினால் நெய் மேலே மிதக்கும். அல்வா நெய் விட்டுவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவீர்கள், ஆனால் அடியில் தண்ணீர் நிற்கும். சரியான பதத்தில், ஊற்றிய நெய்யை முதலில் அல்வா உள்ளே வாங்கிக்கொள்ளும். பிறகு ஓரங்களில் மினுமினுவென்று திருப்பிக் கொடுக்கும். கரண்டி போகும் பக்கமெல்லாம் மொத்தமாகச் சுருண்டு வரும். அப்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். சாப்பிடும் பதத்தைவிட ஒரு படி தளர்வாக இருக்கும்போது இறக்க வேண்டும், ஆறும்போது தானாக இறுகும்.

டெல்லி கேரட்டுக்கும் அதே சர்க்கரை அளவு

குளிர்காலத்தில் வரும் சிவப்புக் கேரட்டில் இனிப்பு அதிகம். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய்

அடுப்பை அணைத்த பிறகு.