இரைச்சலான இடத்தில் வணக்கம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிக்கொண்டிருக்கும் லேத் முன்னால் ஒருவர் குனிந்து நிற்கிறார். காதில் அடைப்பான், கண் முழுக்க வெட்டும் உளியின் மேல். பின்னாலிருந்து வரும் நீங்கள் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நாம் கூப்பிட்டுப் பார்ப்போம், திரும்பவில்லையென்றால் தோளைத் தொடுவோம். கூப்பிடுவது வீண். தொடுவது ஆபத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு மூத்த தொழிலாளியின் தோளைத் தட்டினேன். அவர் திடுக்கிட்டதில் கை, வெட்டுகிற உலோகத்தைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு ஒரு சாண் தூரம்வரை போய்விட்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்: "பின்னாடி வராதேப்பா. முன்னாடி வந்து நில்லு, நானே பார்ப்பேன்." திட்டவில்லை. ஆனால் அந்தக் கை போன தூரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரியான முறை. கொஞ்சம் சுற்றி வந்து, அவர் பார்வையின் ஓரத்தில் விழுகிற இடத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். உலோகச் சீவல் தெறிக்கிற பக்கம் வேண்டாம். உளி பின்வாங்கும்வரை காத்திருங்கள். அப்போது அவர் தானாக நிமிர்வார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் ஒரு நொடி அப்படியே பாருங்கள், புருவத்தைச் சற்று உயர்த்தித் தலையசையுங்கள். அவரும் தலையசைத்தால் வணக்கம் முடிந்தது. வேறு பேச்சு இல்லையென்றால் குரலே தேவையில்லை.

அடுத்த தவறு, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டுவது. கிரேனோ பாரவண்டியோ ஓடுகிற தளத்தில் கை அசைவுக்குத் தனி அர்த்தம் உண்டு. விரித்த உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் 'நிறுத்து' என்று படும். இரண்டு கையையும் வீசினால் அவசரம் என்று நினைத்து ஓட்டுநர் சட்டென்று நிறுத்திவிடலாம், தொங்கும் பாரம் ஊசலாடும். அதனால் வணக்கத்துக்கான சைகை சின்னதாக, நெஞ்சு உயரத்துக்குள் இருக்கட்டும். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் யாரும் அதை வேலைச் சைகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குரலுக்கு வருவோம். சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரலும் தானாக உயர்கிறது. லொம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயர். கொஞ்சம் உயர்ந்தால் நல்லதுதான். ஆனால் கத்தும் அளவுக்குப் போனால் உயிரொலி மட்டும்தான் பெரிதாகிறது, மெய்யொலி மங்கிவிடுகிறது. 'வணக்கம்' என்று கத்தினால் அந்தப் பக்கம் 'ஆ... ஆ...' என்று ஏதோ போய்ச் சேரும். வாய் அகலத் திறப்பதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது.

கத்துவதற்குப் பதில் கிட்டப் போங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் கேட்கும் சத்தம் 6 டெசிபெல் கூடும். எதிரொலிக்கும் கூடத்தில் இவ்வளவு கிடைக்காது, ஆனாலும் பலன் உண்டு. ஒரு கை தூரத்தில், முகம் தெரியும்படி நின்று, வழக்கத்தைவிடச் சற்று உரக்க, நிதானமாகச் சொல்லுங்கள். முதலில் பெயர், அப்புறம் வணக்கம். காதருகே குனிந்து பேசினால் உங்கள் முகம் அவருக்குத் தெரியாமல் போகிறது, உதட்டசைவிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்த உதவி அதோடு போய்விடும்.

உங்கள் காதிலும் அடைப்பான் இருந்தால் இன்னொரு சிக்கல். உங்கள் குரல் உங்கள் தலைக்குள்ளேயே முழங்கும். உரக்கப் பேசுவதாக நினைத்துக்கொண்டு முணுமுணுப்பீர்கள். அதற்காக அடைப்பானைக் கழற்ற வேண்டாம், குரலைத்தான் ஒரு படி ஏற்ற வேண்டும். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே சத்தம் ஏறத்தாழ 85 டெசிபெல்லைத் தொட்டிருக்கும். நாள் முழுக்க அதில் வேலை செய்பவருக்குக் காதுப் பாதுகாப்பு தேவை. அங்கே வணக்கத்தைக் கண்ணோடும் கையோடும் முடித்துக்கொள்வதே நல்லது.

சந்தையில் இரைச்சல் மனிதக் குரலால் ஆனது. நாம் கத்தினால் அது இன்னொரு கூவலாகக் கரைந்துவிடும். அங்கே அதிகம் நடக்கும் தவறு, கடைக்காரர் பணம் எண்ணும்போதோ எடை பார்க்கும்போதோ வணக்கம் சொல்வது. எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து எண்ணுவார். உதடு அசைவது நின்று, நோட்டுகள் கை மாறியபின் நிமிர்வார் பாருங்கள், அதுதான் நேரம்.

பதில் வரவில்லையென்றால் உடனே மனம் கோணாதீர்கள். நீங்கள் வந்ததையே அவர் பார்த்திருக்க மாட்டார். அதையே இன்னும் உரக்கச் சொல்லிப் பயனில்லை. இரண்டு அடி நகர்ந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, அவர் மறுபடி நிமிரும்வரை பொறுத்திருங்கள்.