"கீழே உட்காராதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர் ஒருவர் கர்ப்பிணிகளிடம் பேசுவதைப் போன வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரஷர், எடை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் அந்தப் பெண் எழுந்து போகும்போது, "கீழே உட்காராதம்மா, படி ஏறாத, வெயிட் தூக்காத" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொல்லி அனுப்பினேன். அதனால் வந்ததை எழுதுகிறேன்.

காரணம் சொல்லாமல் பயமுறுத்துவது

அப்போது என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம், ஆறு மாதம். வீட்டில் இருந்தது தரையோடு பதித்த கழிப்பறை மட்டும். "குத்தவைத்து உட்காராதே" என்று நான் சொன்னதை அந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தால் குழந்தை கீழே இறங்கிவிடும் என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அவ்வளவுதான் போவாள். அடிக்கடி போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டாள். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசிவழி மருந்து போட வேண்டியதாயிற்று. இந்தத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் மாதம் முடியும் முன்பே பிரசவ வலி வந்துவிடலாம். அந்தச் சில நாட்கள் எனக்குத் தூக்கமில்லை. இன்றைக்கும் யாராவது அதே வாக்கியத்தைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் குத்தவைத்து உட்காருவதால் கர்ப்பப்பை வாய் திறக்காது, கருவும் கலையாது. வேண்டாம் என்று டாக்டர் சொல்லக்கூடியவர்கள் சிலர் உண்டு: நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், இரத்தக்கசிவோ முன்கூட்டிய வலியோ உள்ளவர்கள், இடுப்பெலும்பு மூட்டில் கடும் வலி உள்ளவர்கள். இவர்களிடமும் "உட்காராதே" என்பதோடு நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நடுவில் துளையிட்ட கமோட் ஸ்டூலைக் கழிப்பறைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு ஆபத்து உட்காருவதில் இல்லை, விழுவதில்தான் இருக்கிறது. வயிறு முன்னால் வந்து உடம்பின் சமநிலை மாறியிருக்கும், தரை ஈரமாக இருக்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் சுவரில் கைப்பிடி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியோ குழாயோ பிடித்தால் கையோடு வந்துவிடும். பாதம் முழுவதும் கழிப்பறையில் கால் வைக்கும் இடத்தில் பதிய வேண்டும். எழும்போது ஒரு கை கைப்பிடியில், ஒரு கை முழங்காலில் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, சில விநாடி நின்ற பிறகு அடி எடுத்து வையுங்கள். கதவை உள்ளே தாழ்போட வேண்டாம், சாத்தினால் போதும்.

முக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பது

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. தண்ணீர், கீரை, பழம் கூட்டியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். பத்து நிமிடம் முக்கிக்கொண்டிருந்தால் மூலம்தான் வரும்.

படியே ஏறக் கூடாது என்பது

ஏறலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஏறும்போது பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். போன மாதம் சாதாரணமாக ஏறிய அதே மாடிக்கு இந்த மாதம் பாதியிலேயே மூச்சிரைக்கிறது, படபடக்கிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். "வயிறு பெரிசாயிடுச்சு, அதான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

நிறை குடம்

பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் ஏறக்குறைய 15 கிலோ. அதைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி ஒரு பக்க இடுப்பில் வைத்து நடப்பதில் முதுகு முழுவதும் ஒரு பக்கமாக இழுபடும். எடையைக் காட்டிலும் குனிந்து தூக்குவதும் திரும்பத் திரும்பத் தூக்குவதும்தான் கெடுதல். அரைக்குடமாகப் பிடியுங்கள், அல்லது இரண்டு சிறு வாளிகளாக இரண்டு கையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். குழாயடியில் ஒரு கல் போட்டு அதன் மேல் வைத்துப் பிடித்தால் தரைவரை குனிய வேண்டியிருக்காது. ஐந்து மாதத்துக்குப் பிறகு இதையும் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, கசிவு தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காஸ் சிலிண்டர்

நிரம்பியது 30 கிலோவுக்குப் பக்கம். தூக்கவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம்.