மீன் உருண்டையும் நண்டுக் குச்சியும்: சுரிமி விழுது செய்முறை

சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் நண்டுக் குச்சியில் பெரும்பாலும் நண்டுச் சதை இருக்காது. அது மீன். பக்கத்தில் இருக்கும் வெள்ளை மீன் உருண்டையும் அதே குடும்பம்தான். இரண்டுக்கும் அடிப்படை சுரிமி, அதாவது முள், தோல் நீக்கி அரைத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்த மீன் சதை. ஆலைகளில் இதில் சுமார் 8 சதவீதம் சர்க்கரையும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியும், 0.2 முதல் 0.3 சதவீதம் பாஸ்பேட்டும் சேர்த்து உறைய வைப்பார்கள். சர்க்கரை இல்லாமல் உறைய வைத்தால் மீனின் புரதம் கெட்டு, உருகியபின் சதை பஞ்சு மாதிரி ஆகிவிடும். சர்க்கரை அதைத் தடுக்கும் என்பதை ஜப்பானின் ஹொக்கைடோ ஆய்வாளர்கள் 1960-ல் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் உறைந்த சுரிமி கப்பலேறியது. வீட்டில் அன்றைக்கே செய்து சாப்பிடுவதற்கு இந்தச் சர்க்கரையும் பாஸ்பேட்டும் வேண்டாம்.

எந்த மீன்?

குளிர் கடல்களில் அலாஸ்கா பொல்லாக். நம் கடலில் சங்கரா. சங்கரா என்ற பெயரில் சில கடைகளில் வேறு சிவப்பு மீனையும் தருவார்கள். இளஞ்சிவப்பு உடம்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடுகள், வாலின் மேல் நுனியில் நூல் போல நீண்ட ஒரு மஞ்சள் இழை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸில் பல நாள் கிடந்த மீன் எவ்வளவு அரைத்தாலும் கட்டாது. மத்தி, அயிலை மாதிரி கருஞ்சதை நிறைந்த கொழுப்பு மீன்களும் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

1.3 கிலோ முழு மீனிலிருந்து ஏறக்குறைய 500 கிராம் சதை தேறும். சதையைக் கரண்டியால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டி எடுங்கள். முள் அப்படியே எலும்போடு நின்றுவிடும். தோலை ஒட்டியிருக்கும் பழுப்புச் சதையை விட்டுவிடுங்கள். உருண்டை கறுப்பதற்கும் வாடை அடிப்பதற்கும் அதுதான் காரணம்.

அலசுதல்

கையால் கொத்திய சதையை 2 லிட்டர் ஐஸ் தண்ணீரில் போட்டு 5 நிமிடம் மெதுவாகக் கிளறி, படிந்ததும் மேலே மிதக்கும் கொழுப்போடு நீரை இறுத்துவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. இரண்டாவது தண்ணீரில் 6 கிராம் உப்பு போட்டால் சதை நீரைச் சுலபமாக விடும். ரத்தம், கொழுப்பு, நீரில் கரையும் புரதங்கள் போய், கட்டும் தன்மையுள்ள தசைப் புரதம் மிஞ்சுகிறது. மெல்லிய துணியில் கட்டி அழுத்திப் பிழியுங்கள். 400 கிராம் அளவில் நிற்க வேண்டும். 450-க்கு மேல் இருந்தால் இன்னும் பிழியுங்கள். தங்கிய நீர் உருண்டையைத் தளர்த்திவிடும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இக்கான் பாராங் மீனை அலசாமலே உருண்டை பிடிக்கும் கடைகள் உண்டு. மீன் அவ்வளவு புதிதாக இருந்தால் அதுவும் சரியே, சுவையும் கூடும்.

அரைத்தல்

400 கிராம் அலசிய சதைக்கு: உப்பு 8 கிராம், ஐஸ் தூள் 60 கிராம், மரவள்ளி மாவு 20 கிராம், சுவைக்குச் சர்க்கரை 4 கிராம், வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி.

உப்பை நாக்கின் கணக்கில் குறைக்காதீர்கள். 2 சதவீத உப்புதான் தசைப் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. பாதி உப்பில் அரைத்தால் கிடைப்பது வெறும் கொத்துமீன். விழுது எப்போதும் 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. மிக்ஸியின் சூட்டிலேயே புரதம் வேகத் தொடங்கினால் பிறகு கட்டாது. ஆகவே சதையையும் மிக்ஸி ஜாரையும் ஃப்ரீசரில் அரைமணி வைத்து எடுங்கள். 20 விநாடி ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

முதலில் சதையை மட்டும். பிறகு உப்பு போட்டு, விழுது பளபளப்பாகி ஜாரின் சுவரில் ஒட்டும் வரை. கடைசியாக மாவு, சர்க்கரை, மிளகு, ஐஸ். பிறகு பாத்திரத்தில் கொட்டி, கையால் அள்ளி 40, 50 தடவை அடியுங்கள். விரலை எடுக்கும்போது விழுது இழையாக நீண்டு வந்தால் போதும்.

இருமுறைச் சூடு

பலருக்கு உருண்டை பிசுபிசுவென்று போவது இந்த இடத்தில்தான். மீன் புரதம் 40 டிகிரி அளவில் மெதுவாக வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஆனால் 50-க்கும் 70-க்கும் இடையில் தங்கினால், மீனிலேயே உள்ள நொதிகள் அந்த வலையை அறுத்துவிடும். சங்கராவில் இந்தத் தொல்லை அதிகம். எனவே 40-ல் நிறுத்தி, அங்கிருந்து 90-க்கு ஒரே தாவலில் போக வேண்டும்.

இரண்டு பாத்திரம் வையுங்கள். ஒன்றில் 40 டிகிரி வெந்நீர், தெர்மாமீட்டர் வைத்து. விழுதைக் கைப்பிடியில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிதுக்கி, நனைத்த கரண்டியால் வழித்து அதில் போடுங்கள். 30 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அந்தச் சூட்டில் கிருமிகளும் வளரும். பிறகு 90 டிகிரியில் தயாராக இருக்கும் மற்றப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது, உருண்டை வெடித்துச் சொரசொரப்பாகும். மிதந்தபின் 4 நிமிடம் விட்டு, ஐஸ் தண்ணீரில் போடுங்கள். ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பை மெல்ல ஏற்றினால், விழுது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெட்டுப்போகும்.

ஆறிய உருண்டையில் 3 மில்லிமீட்டர் வில்லை ஒன்று வெட்டி மடித்துப் பாருங்கள். இரண்டாக, பின் நான்காக மடித்தும் விரிசல் இல்லையென்றால் முதல் தரம். ஆலைகளிலும் இதே சோதனைதான். முதல் மடிப்பிலேயே உடைந்து வெட்டுமுகம் மணல் மாதிரி இருந்தால், அரைக்கும்போது சூடேறியிருக்கிறது அல்லது உப்பு குறைந்திருக்கிறது. மாவுக் கட்டிபோலத் தொய்ந்து உடைந்தால் 50-70 இடைவெளியில் தங்கியிருக்கிறது. மாவை அதிகமாக்கி இதைச் சரிக்கட்ட நினைக்காதீர்கள். உருண்டை ரப்பராகும், மீன் வாசமும் போய்விடும்.

அதே விழுதில் நண்டுக் குச்சி

கடையில் வாங்கும் குச்சியில் சுரிமியோடு நீர், மாவுச்சத்து, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு, நண்டுச் சாறு அல்லது நறுமணம் இருக்கும். ஆலையில் விழுதை 1, 2 மில்லிமீட்டர் தகடாகப் பரப்பி வேகவைத்து, நீள இழைகளாகக் கீறி, கயிறுபோலச் சுருட்டி, நிறம் பூசிய தாளில் சுற்றி மறுபடி அவிக்கிறார்கள். நண்டின் நார் மாதிரி பிரிவதற்கு இந்தக் கீறல்தான் காரணம்.

வீட்டில்: 200 கிராம் பச்சை விழுதில் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி 3 நிமிடம் ஆவியில் வையுங்கள். ஆறியதும், அடிவரை போகாமல் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் கீறி, கீறல்கள் குச்சியின் நீளத்திலேயே ஓடும்படி இறுக்கமாகச் சுருட்டுங்கள். மீதி விழுதில் ஒரு கரண்டியை மிளகாய்த்தூள் ஊறிய சிவப்பு எண்ணெயோடு குழைத்து வாழையிலையில் மெலிதாகத் தடவி, அதில் குச்சியைச் சுற்றி இன்னும் 10 நிமிடம் ஆவியில் வைத்தால் சிவப்புத் தோல் ஒட்டிக்கொள்ளும்.

நண்டு ஒவ்வாமை இருப்பவர்கள் கடைக் குச்சியைத் தொடுமுன் பொட்டலத்தைப் படிக்க வேண்டும்: உண்மையான நண்டுச் சாறு சேர்த்தவை உண்டு. மீன், முட்டை, கோதுமை, சோயா ஒவ்வாமைக்கும் அதே எச்சரிக்கை.