மொத்தச் சந்தையில் கிடைத்த லாபம் ரிட்டர்னில் கரையும் கணக்கு

மொத்தவிலைச் சந்தையில் சரக்கெடுத்து இணையச் சந்தைத் தளங்களில் விற்பவர்களில் பெரும்பாலோர் கொள்முதல் விலையைக் கறாராகப் பேசி வாங்குகிறார்கள். நஷ்டம் வருவது வேறு இடத்தில். விற்ற சரக்கு திரும்பி வந்தால் என்ன செலவாகும் என்பதை வாங்குவதற்கு முன் அவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு கைப்பையை எடுத்துக்கொள்வோம். வரி போக விற்பனை விலை 100 என்று வைத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அதன் பங்காகவே பார்க்கலாம். சந்தையில் கொள்முதல் விலை 45. பாதிக்கும் குறைவான விலைக்கு வாங்கி 100க்கு விற்கிறோம், 55 மிச்சம் என்று மனம் சொல்லும். அந்த 55ஐ லாபம் என்று எழுதி வைப்பதே முதல் தவறு.

சந்தையிலிருந்து கொண்டுவரும் செலவு 2, பெட்டி மற்றும் பொதிப்பொருள் 2. தளத்தின் கமிஷன் 15, ஒவ்வொரு ஆர்டருக்கும் பிடிக்கும் நிலையான கட்டணம் 3, பணம் வசூலிக்கும் கட்டணம் 2, கூரியர் 14. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 17. இங்கே கவனிக்க வேண்டியது, கமிஷன் கொள்முதல் விலையின் மீதல்ல, விற்பனை விலையின் மீது விழுகிறது என்பது. அதிலும் சில தளங்கள் வாங்குபவர் செலுத்தும் அனுப்புதல் கட்டணத்தையும் சேர்த்தே கமிஷன் கணக்கிடுகின்றன. ஈபே தளம் விற்பனை வரியையும் அந்தத் தொகையில் சேர்க்கிறது. எனவே சதவீதத்தைத் தெரிந்துகொண்டால் போதாது, எந்தத் தொகையின் மீது அந்தச் சதவீதம் என்பதையும் கட்டணப் பக்கத்தில் படித்தாக வேண்டும்.

கூரியர் கட்டணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பையின் எடை 600 கிராம்தான். ஆனால் 35 × 30 × 15 செ.மீ. பெட்டியில் வைத்தால் அதன் கன அளவு 15,750. பல கூரியர் நிறுவனங்கள் இதை 5,000ஆல் வகுத்துக் கிடைக்கும் எடையைத் தராசில் காணும் எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. வகுத்தால் 3.15 கிலோ. அரைக் கிலோவுக்குச் சற்று மேலான பைக்கு மூன்று கிலோவுக்கு மேல் கட்டணம்! சரி, பையை மடித்துத் தட்டையாக உறையில் போட்டு அனுப்பலாம் என்று தோன்றும். துணிப்பைக்கு அது சரி. தோல் போன்ற செயற்கைப் பொருளில் செய்த பை மடிப்பு விழுந்தே போய்ச் சேரும். மடிப்பு விழுந்த பை திரும்பி வரும். கூரியரில் மிச்சம் பிடித்தது ரிட்டர்னில் போய்விடும்.

இனி ரிட்டர்ன் கணக்கு. 100 பைகளை அனுப்புகிறோம், 20 திரும்புகின்றன. தளம் கமிஷனையும் மற்ற இரு கட்டணங்களையும் முழுதாகத் திருப்பித் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். (எல்லாத் தளங்களும் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ரிட்டர்னைக் கையாள்வதற்கென்று கமிஷனில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் தளங்கள் உண்டு.) அப்படியிருந்தும், திரும்பிய ஒவ்வொரு பையும் போன கூரியர் 14, வந்த கூரியர் 14, கிழித்தெறியப்பட்ட பொதி 2 என 30ஐத் தின்கிறது. இருபதுக்கும் 600. திரும்பியவற்றில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 5 பைகள், கீறலோடு வந்து புதியதென்று விற்க முடியாதவை ஆகின்றன. கொண்டுவந்த செலவோடு சேர்த்து அவற்றின் அடக்கவிலை தலா 47, மொத்தம் 235.

வாடிக்கையாளரிடம் தங்கிய 80 பைகள் தந்தது 80 × 17 = 1,360. அதில் 835 போனால் மிச்சம் 525. வாடிக்கையாளரிடம் தங்கிய பை ஒன்றுக்கு ஆறரை. சந்தையில் 55 என்று தோன்றியது, கட்டணங்களுக்குப் பின் 17 ஆகி, ரிட்டர்னுக்குப் பின் ஆறரை ஆகிவிட்டது. இதற்கு மேல் ஆர்டருக்கு 6 வீதம் விளம்பரத்துக்குச் செலவழித்தால், திரும்பிய ஆர்டர்களுக்கும் அந்தப் பணம் போயிருக்கும் என்பதால், செலவு 600. இப்போது 75 நஷ்டம். பட்டியலில் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வாங்கும் முன்பே ஒரு எல்லைக்கோடு கிடைக்கும். ஒரு ரிட்டர்ன், கிடைக்காமல் போன 17, நேரடிச் செலவு 30, பாழான சரக்கின் பங்கு 11.75 எனச் சேர்ந்து 58.75ஐக் குறைக்கிறது. 17ஐ 58.75ஆல் வகுத்தால் 29 சதவீதம். விளம்பரமே இல்லாவிட்டாலும், நூற்றுக்கு 29 பைகள் திரும்பினால் லாபம் பூஜ்யம். விளம்பரம் 6 என்றால் அந்த எல்லை 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பேரம் தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண் இதுதான்.

இந்த எண் கையில் இருந்தால் பேரத்தின் முறையே மாறிவிடும். கடைக்காரர் 2 குறைத்துத் தந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மேலே உள்ள கைப்பைக்கு அந்த 2, ரிட்டர்ன் விகிதம் சுமார் மூன்று சதவீதப் புள்ளி உயர்ந்தால் காணாமல் போய்விடும். ஜிப் நன்றாக ஓடுகிற, கைப்பிடி தையல் இரட்டையாக உள்ள பைக்கு 2 கூடுதலாகக் கொடுப்பது பல சமயங்களில் மலிவு. அதனால் மாதிரிக்கு வைத்திருக்கும் பையைப் பார்த்து ஆர்டர் கொடுக்கக் கூடாது. கட்டை அவிழ்த்து நடுவிலிருந்து சிலவற்றை எடுத்து, ஜிப்பை ஓட்டி, கைப்பிடியை இழுத்து, நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ஒரே கட்டில் இரண்டு தயாரிப்புத் தொகுதிகள் கலந்திருந்தால் படத்தில் உள்ள நிறம் ஒன்று, கைக்குப் போவது வேறொன்று. மொத்தக் கடையில் பெரும்பாலும் விற்ற சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் திருப்பலாம், நீங்கள் யாரிடமும் திருப்ப முடியாது.

முதல் முறை குறைவாக எடுத்து விற்றுப் பார்ப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அதிலிருந்து அவசரமாக முடிவெடுப்பதே மிகச் சாதாரணமான தவறு. 30 பைகளில் 3 திரும்பியதால் விகிதம் 10 சதவீதம் என்று உறுதி கொள்ள முடியாது. உண்மையான விகிதம் 20 ஆக இருந்தும் முதல் முப்பதில் மூன்று மட்டும் வருவது அரிதல்ல. இதைவிட மோசமானது மாதக் கணக்கு. முதல் மாதம் 100 ஆர்டர், அடுத்த மாதம் 200. முதல் மாதத்துப் பைகளில் 20 இரண்டாம் மாதத்தில் திரும்புகின்றன. தளத்தின் அறிக்கையில் இரண்டாம் மாதம் 200 விற்பனை, 20 ரிட்டர்ன் எனப் பத்து சதவீதமாகத் தெரியும். விற்பனை வளரும் வரை விகிதம் அழகாகவே இருக்கும். வளர்ச்சி நின்ற மாதத்தில்தான் பழைய ரிட்டர்ன்கள் புதிய விற்பனைக்கு மேல் வந்து விழும். அனுப்பிய தேதியை வைத்துத் தொகுத்து, அந்தத் தொகுதியின் ரிட்டர்ன் காலக்கெடு முடிந்த பிறகு எண்ணினால்தான் விகிதம் விகிதமாக இருக்கும்.

எண்ணும்போது, வாசலிலேயே வாங்க மறுக்கப்பட்ட பார்சலையும் பிரித்துப் பார்த்துத் திருப்பப்பட்ட பார்சலையும் தனித்தனியாக எழுதுங்கள். முன்னதில் சரக்கு பெரும்பாலும் புத்தம் புதியதாகவே வரும், இழப்பு கூரியரும் பொதியும் மட்டும். பொருள் வந்தபின் பணம் என்ற முறையை நிறுத்தினாலோ, அனுப்புமுன் ஆர்டரை உறுதிசெய்தாலோ அது குறையும். பின்னதற்குக் காரணம் பையிலோ படத்திலோ இருக்கிறது. வாங்கியவர் குறிப்பிடும் காரணங்களில் 'படத்தில் உள்ளதுபோல் இல்லை' என்பது அதிகமாக இருந்தால், அடுத்த கொள்முதலுக்கு முன் கையில் இருக்கும் பையையே மறுபடி படமெடுத்து, அளவை எழுதிப் பட்டியலில் போட்டுவிட்டு, அடுத்த தொகுதி எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் சந்தைக்குப் போக வேண்டும்.