ஜெர்மனி டாக்டர் பென்ஷன்: வேலை மாறினால் விண்ணப்பமும் புதிதாகப் போட வேண்டும்

ஒரு பிப்ரவரி மாதம் டாக்டர்களுக்கான எங்கள் பென்ஷன் நிதியிலிருந்து, அதாவது வெர்சோர்குங்ஸ்வெர்க்கிலிருந்து, கடிதம் வந்தது. அக்டோபரிலிருந்து என் பெயரில் ஒரு சென்ட்கூட வரவில்லை, என்ன விஷயம் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பென்ஷனுக்குப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

பிடித்தார்கள், சரி. ஆனால் பணம் வேறு கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த கதைதான் இந்தப் பதிவு. விசா, மொழித் தேர்வு, அப்ரோபட்சியோன் என்னும் மருத்துவ உரிமம் எல்லாம் முடித்து வேலையில் சேரப்போகிறவர்களுக்கும், முதல் வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவப்போகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன நிதி

ஜெர்மனியில் மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் அரசு பென்ஷன் காப்பீட்டில் பணம் கட்ட வேண்டும். டாக்டர், வக்கீல், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் போன்ற சில தொழில்காரர்களுக்கு மட்டும் அவரவர் தொழிலுக்கென்று தனி நிதி உண்டு. அதன் பெயர்தான் வெர்சோர்குங்ஸ்வெர்க். டாக்டர்களுக்கான முதல் நிதி பவேரியாவில் 1923இல் தொடங்கியது. பணவீக்கத்தில் ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு ஒரு ரொட்டி வாங்கக்கூடப் போதாமல் போன வருஷம் அது. இன்றைக்கும் இந்த நிதிகளுக்கு அரசு மானியம் கிடையாது. உறுப்பினர்கள் கட்டுவதும், அதை முதலீடு செய்து வருவதும்தான் வருமானம்.

நாலைந்து வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டு ஊருக்கோ லண்டனுக்கோ போகிறவருக்குப் பெரிய தொகை எதுவும் வராது. கட்டிய காலத்துக்கு ஏற்ற சிறிய பென்ஷன், வயதான பிறகு மாதாமாதம் வரும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னத் தொகையும் இரண்டு கஜானாவில் பாதி பாதியாகச் சிதறிக் கிடந்தால் எரிச்சலாக இருக்கும்.

படி 1: மருத்துவச் சபையில் பதிவு

வேலைக்குச் சேர்ந்ததும் மாநில எர்ட்ஸ்டெகாமரில் பதிவு செய்துவிடுங்கள். ஆஸ்பத்திரியே படிவம் கொடுக்கும். நிதியில் சேர்வது பெரும்பாலும் இதோடு தானாகவே நடந்துவிடும். சில வாரங்களில் உறுப்பினர் எண் தபாலில் வரும்.

படி 2: விலக்கு விண்ணப்பம்

நான் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நிதியில் உறுப்பினர் ஆகிவிட்டோம் என்பதற்காக அரசு பென்ஷன் காப்பீடு நம்மை விட்டுவிடாது. ‘எனக்கு அங்கே வேண்டாம், என் தொழில் நிதியிலேயே கட்டுகிறேன்’ என்று நாமாக விலக்கு கேட்க வேண்டும். இதற்கு பெஃப்ரையுங் என்று பெயர். சமூகக் காப்பீட்டுச் சட்டம் ஆறாம் புத்தகத்தின் 6ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2023 ஜனவரி முதல் காகிதத்தை அரசு பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை. நம் வெர்சோர்குங்ஸ்வெர்க்கிடம் விண்ணப்பிக்கிறோம், அவர்கள் அதை மின்னணு முறையில் அனுப்பி வைக்கிறார்கள். முடிவு சொல்வது மட்டும் அரசு பென்ஷன் அலுவலகம்.

கெடு மூன்று மாதம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், முதல் நாளிலிருந்தே விலக்கு கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான். அக்டோபர் 1இல் சேர்ந்தால் டிசம்பர் 31க்குள் அங்கே இருக்க வேண்டும். உறுப்பினர் எண் இன்னும் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எண்ணைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலையில் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு மாறியபோது, பழைய விலக்கு ஆணையின் நகலை மனிதவளப் பிரிவில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒருமுறை விலக்கு வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று எங்கள் சீனியர் டாக்டர் ஒருவரும் சொல்லியிருந்தார். அவர் காலத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 31இல் சமூக வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: விலக்கு என்பது ஆளுக்கு இல்லை, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு. வேலை மாறினால் பழைய விலக்கு செல்லாது. புதிய விண்ணப்பம், புதிய மூன்று மாதம். அதே டாக்டர் வேலை, அதே ஊர், அதே நிதி என்றாலும் இதுதான் விதி. ஒரே ஆஸ்பத்திரிக்குள் அடியோடு வேறு மாதிரியான பணிக்குப் போனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு இதோ. என் மொத்தச் சம்பளம் 5,300 யூரோ. பென்ஷன் கட்டணம் 18.6 சதவீதம், அதாவது 985.80 யூரோ. அதில் பாதி (492.90) என் பங்கு, மீதிப் பாதி ஆஸ்பத்திரியின் பங்கு. அக்டோபர் 1இல் சேர்ந்தவன் பிப்ரவரி 20இல்தான் விண்ணப்பித்தேன். நான்கு மாதமும் பத்தொன்பது நாளும் அரசு பென்ஷனில் மாட்டிக்கொண்டது. இரண்டு பங்கும் சேர்த்து ஏறத்தாழ 4,600 யூரோ. போதாததற்கு, அந்த மாதங்களுக்கு நிதியும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் கேட்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்று உருக்கமாக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது, ஆனால் முடியாது என்று.

படி 3: சம்பளச் சீட்டைப் பாருங்கள்

ஐந்து மாதம் எப்படிக் கவனிக்காமல் இருந்தாய் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். காரணம், எந்தக் கஜானாவுக்குப் போனாலும் பிடித்தம் அதே 9.3 சதவீதம். கைக்கு வரும் தொகையில் வித்தியாசமே தெரியாது. வங்கிக் கணக்கை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

சீட்டில் `BGRS` என்று நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். இலக்கங்கள் வரிசையாக மருத்துவக் காப்பீடு, பென்ஷன், வேலையின்மைக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு.

```
1111  அரசு பென்ஷனுக்குப் போகிறது
1011  விலக்கு நடைமுறையில் இருக்கிறது
```

இரண்டாவது இலக்கம் பூஜ்யமாக இருந்தால் சரி. முதலும் கடைசியும் உங்கள் மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்து மாறும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூடவே அரசு பென்ஷனுக்கான `RV` என்ற வரியில் தொகை இருக்கக் கூடாது, தொழில் நிதிக்கென்று தனி வரி ஒன்று வந்திருக்க வேண்டும். விலக்கு ஆணை வருவதற்கு முன்பே சில ஆஸ்பத்திரிகள் நிதிக்குக் கட்டத் தொடங்கிவிடும், சில ஆணை வந்த பிறகுதான் மாற்றும். ஆகவே முதல் மாதம் 1111 என்று இருந்தால் பதற வேண்டாம். கெடுவுக்குள் விண்ணப்பித்திருந்தால் பின்தேதியிட்டுத் திருத்திவிடுவார்கள்.

படி 4: ஆணையைக் கொடுப்பது

பெஷைட் என்னும் விலக்கு ஆணை கைக்கு வந்ததும் ஒரு நகலைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் செல்போன் செயலி வைத்திருப்பவன்தான் நான், ஆனால் இதற்கு மட்டும் பழைய கெட்டி அட்டைக் கோப்புதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிரிவு: ஒப்பந்தம், விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான உறுதிக் கடிதம், ஆணை. நிதியின் இணையதளத்தில் பதிவேற்றினால் தேதியோடு வரும் ரசீதை அன்றைக்கே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையதளம் இல்லாத நிதி என்றால் பதிவுத் தபால். சாதா மின்னஞ்சலை நான் நம்ப மாட்டேன்.

மாநிலம் மாறினால்

வேறு மாநிலம் என்றால் வேறு சபை, வேறு நிதி. பழைய நிதியில் கட்டியதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. பொதுவாக 96 மாதத்துக்கு மேல் கட்டியிருக்கக் கூடாது, 50 வயது தாண்டியிருக்கக் கூடாது, புதிய நிதியில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். மாற்றாவிட்டாலும் பணம் எங்கும் போகாது. வயதான பிறகு இரண்டு இடத்திலிருந்து இரண்டு சின்னப் பென்ஷன் வரும். எனக்கு ஒரே இடத்தில் இருப்பதுதான் பிடிக்கும், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு நிதிகளிடமும் கணக்கு கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே தொகைக்கு இரண்டும் ஒரே பென்ஷன் தராது.

பின்சேர்க்கை 1

பதிவைப் படித்த ஒருவர், மருந்து நிறுவனத்தில் சேர்ந்த டாக்டர், தன் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று எழுதினார். டாக்டர் பட்டம் மட்டும் போதாது, பார்க்கும் வேலையும் மருத்துவ வேலையாக இருக்க வேண்டும். அவர் அனுப்பியிருந்த பணி விவரத்தில் ‘திட்ட ஒருங்கிணைப்பு’ என்றுதான் இருந்தது. மருத்துவ அறிவு இல்லாதவர் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது தெரியும்படி நிறுவனத்திடம் விரிவான பணி விவரம் வாங்கி, ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் போடச் சொன்னேன். நிறுவனங்களில் வேலை பார்க்கும் வக்கீல்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்களுக்கு 2016 ஜனவரியில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

பின்சேர்க்கை 2

அரசு பென்ஷனில் மாட்டிக்கொண்ட பணத்தைத் திரும்ப வாங்க முடியாதா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஐந்து வருஷத் தகுதிக் காலம் நிரம்பாதவராகவும் விலக்கு பெற்றவராகவும் இருந்தால், 24 மாதம் கழித்துக் கேட்கலாம். உங்கள் பங்கு மட்டும்தான் வரும், ஆஸ்பத்திரியின் பங்கு வராது. என் கணக்கில் 4,600இல் பாதி.

ஆனால் குழந்தை இருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். எட்டு மாதக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கப் படிவம் நிரப்பி வைத்திருந்தார் ஒரு சகோதரி. அவருக்கு இங்கேயே பிறந்து இங்கேயே வளரும் குழந்தைகள் இரண்டு பேர். 1992 முதல் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும், வளர்த்தவர் கணக்கில் மூன்று வருஷம் அரசு பென்ஷன் வரவு வைக்கும். தொழில் நிதியில் இருப்பவர்களுக்கும் இது உண்டு, கேட்டு வாங்க வேண்டும். இரண்டு குழந்தைக்கு ஆறு வருஷம். ஐந்து வருஷத் தகுதி அதிலேயே தாண்டிவிடுகிறது, அந்த எட்டு மாதமும் அதோடு சேர்ந்து தனிப் பென்ஷனாகிவிடும். ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்த வருஷங்கள் பொதுவாக இதில் சேராது. பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் அதுவரையிலான காலமெல்லாம் அழிந்துபோகும். அதனால் முதலில் அரசு பென்ஷன் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி மனு போடுங்கள், திரும்பக் கேட்கும் படிவத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம். அந்தச் சகோதரி அதைக் கிழித்துப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார்.