சீனியின் அளவைக் குறைத்தும் பல் சூத்தையாவது ஏன்?

“நான் இனிப்பே சாப்பிடுவதில்லை, தேநீருக்கு மட்டும்தான் சீனி” என்று சொல்பவர்களின் பல்லிலும் சூத்தை விழுகிறது. சீனியின் அளவை மட்டும் பார்த்து, அதை எத்தனை தடவை வாய்க்குள் விடுகிறோம் என்பதைக் கவனிக்காமல் இருப்பதுதான் முதல் தவறு.

பல் விளக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிகின்றன. அதில் பற்றீரியாக்கள் ஒட்டிக் குடியேறுகின்றன. இவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது சீனியிலிருந்து ஒட்டும் பசையொன்றைத் தயாரித்து, கூட்டத்தையே பல்லோடு பிணைத்துவிடுகிறது. ஈறோரத்தை நகத்தால் வழித்தால் வரும் வெண்ணிற மாவு அதுதான். உணவு மிச்சமல்ல, உயிருள்ள படலம். ஆகவே சாப்பிட்டபின் வாய் கொப்பளித்தால் போதும் என்று நம்புவதும் தவறு. கொப்பளித்தால் துணிக்கைகள் போகும்; படலம் போகாது. தூரிகையால் தேய்த்தே அகற்ற வேண்டும்.

இந்தப் படலத்துக்குள் சீனி இறங்கியதும் பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. சில நிமிடங்களில் அங்குள்ள பிஎச் பெறுமானம் 5.5க்குக் கீழே இறங்க, பல்லின் கடினமான வெளியுறையான மிளிரியிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்ததில் ஒரு பகுதியை மீளப் படியவைக்கும். அதற்கு ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கிளிநொச்சியில் அருவி வெட்டுக்குப் போகும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் காலை எட்டு மணிக்கும் பத்தரைக்கும் இனிப்புத் தேநீரை ஒரேயடியாகக் குடித்து முடிக்கிறார். நண்பகலுக்குள் அவருடைய பல் இரு தடவை அமிலத்தில் நனைந்து, இரு தடவையும் மீள்கிறது. மற்றவர் அதே அளவு தேநீரைப் பிளாஸ்கில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு மிடறாகக் குடிக்கிறார். அமிலம் தணியுமுன்னே அடுத்த மிடறு வருகிறது. நான்கு மணி நேரமும் மிளிரி கரைந்துகொண்டே இருக்கிறது. இருவர் வாய்க்கும் போன சீனி ஒன்றேதான்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் பல்லுக்குக் கேடில்லை என்பார்கள். எனக்கும் பனங்கட்டி பிடிக்கும். ஆனாலும் அதில் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். வாயில் அடக்கிவைத்துக் கரைய விட்டால் பல் அமிலத்தில் ஊறும் நேரம் இன்னும் நீளும்.

இரவில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், பல் விளக்கியபின் இனிப்புத் தேநீர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. புளோரைட்டுப் பற்பசையால் விளக்கிவிட்டு நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் நன்கு அலசினால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும்.

வெண்புள்ளியைக் கண்டும் வலி இல்லையே என்று விட்டுவிடுவது கடைசித் தவறு. ஈறோரமாகச் சுண்ணாம்புபோல் பளபளப்பில்லாத வெண்மை தெரிந்தால், அது சூத்தையின் தொடக்கம். குழி விழாதவரை மீட்கலாம். வவுனியாப் பகுதியில் கிணற்றுநீரில் புளோரைட்டு மிகும் இடங்களிலும் பிள்ளைகளின் பல்லில் வெண்மை தோன்றும். அது இரு பக்கத்துச் சோடிப் பற்களிலும் ஒரேமாதிரிக் கோடுகளாகப் பரவியிருக்கும். ஈறு வளைவை ஒட்டி, படலம் தங்கும் இடத்தில் மட்டும் தெரியும் வெண்மையைத்தான் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.