ஓர் ஐகாரம், மூன்று அடையாளங்கள்: உயிரொலியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐகாரம் என்பது அகரமும் இகரமும் சேர்ந்தது என்று நம் இலக்கணம் சொல்லும். ஆங்கிலத்தில் டைம், டைப், ஃபைட் போன்ற சொற்களில் வரும் உயிரும் அப்படித்தான். வாய் நன்றாகத் திறந்து தொடங்குகிறது, நாக்கு மேலேறி இகரத்தின் பக்கம் போய் முடிகிறது. இந்தச் சின்னப் பயணத்தில் இரண்டு இடங்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். தொடக்கத்தையே கொஞ்சம் மேலே தூக்கிச் சொன்னால் 'ஃபைட்' ஏறக்குறைய 'ஃபொய்ட்' ஆகிவிடும். முடிவை விட்டுவிட்டால் 'டைம்' என்பது 'டாம்' போல நீளும். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த இரண்டு மாற்றங்களும் ஒருவருடைய ஊரையும் வர்க்கத்தையும் பாலினத்தையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை. சமூக ஒலியியலில் மிக நன்றாக ஆராயப்பட்ட உயிர்களில் இதுவும் ஒன்று. இதை வைத்துத் தவறான முடிவுக்குப் போனவர்களும் நிறைய.

முதல் தவறு, ஒலிக்கு அகராதி போடுவது. தொடக்கம் உயர்ந்த ஐகாரம் என்றால் இன்ன ஆள் என்று எழுதி வைத்துவிடுவார்கள். மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், இந்தத் தூக்கல் மீனவர்களிடம்தான் மிக அதிகமாக இருந்தது. அவர்களில் பலர் சில்மார்க் பகுதிக்காரர்கள். கோடையில் வந்து வீடுகளை வாங்கிக் குவித்த வெளியூர்க்காரர்களுக்கு எதிராக, 'இது எங்கள் தீவு' என்ற உணர்வு யாருக்கு ஆழமாக இருந்ததோ அவர் வாயில் ஐகாரம் உயர்ந்தது. தூக்கல் கூடினால் எண்ணும் கூடும் லபோவின் அளவுகோலில், தீவின் மேல் பற்றுள்ளவர்களின் மதிப்பெண் 63. பற்றும் வெறுப்பும் இல்லாதவர்களுக்கு 32, கிளம்பிப் போக நினைத்தவர்களுக்கு வெறும் 9.

இப்போது டெட்ராய்ட் நகரின் புறநகர் ஒன்றுக்குப் போவோம். மொழியியலாளர் பெனலோப்பி எக்கர்ட் 1980களின் தொடக்கத்தில் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வு செய்தார். எழுத்தில் அதற்கு 'பெல்டன் ஹை' என்று புனைபெயர் வைத்தார். அங்கும் ஐகாரத்தின் தொடக்கம் உயர்ந்தது. ஆனால் அங்கே அது தீவுப் பற்றுக்கு நேர் எதிரான பக்கம் கை காட்டியது. புறநகரைத் தாண்டி, டெட்ராய்ட் நகரத் தெருக்களோடும் அங்கே கிடைக்கும் வேலைகளோடும் தங்களை இணைத்துக்கொண்ட பிள்ளைகளின் ஒலி அது. நாக்கு செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலைதான், ஆனால் ஓர் இடத்தில் அது 'உள்ளூர் மீனவன்', இன்னோர் இடத்தில் 'நகரத்துப் பையன்'. அதனால் ஒலியைக் கேட்டவுடன் பொருள் எழுதாதீர்கள். அந்த இடத்தில் யார் யாரிடமிருந்து விலகி நிற்க விரும்புகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது தவறு, வர்க்கத்தை அப்பா அம்மாவின் வேலையை வைத்து நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவது. எக்கர்ட்டின் பள்ளியில் இரண்டு பெரிய கூட்டங்கள் இருந்தன. பள்ளி விழா, விளையாட்டு, மாணவர் மன்றம் என்று கல்லூரியை நோக்கிப் போகிறவர்களை 'ஜாக்' என்றார்கள். பள்ளியை ஒட்டாமல், தொழில் கற்று வேலைக்குப் போகப் பார்ப்பவர்கள் 'பர்ன்அவுட்'. முன்னவர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், பின்னவர் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கம். ஆனால் பெற்றோரின் வர்க்கத்தை வைத்து உயிரொலியை ஒப்பிட்டபோது தெளிவான கோலம் வரவில்லை. பிள்ளை தானே எந்தக் கூட்டத்தில் சேர்ந்தது என்பதை வைத்து ஒப்பிட்டபோது வந்தது. படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற கட்டம் மட்டும் இருந்திருந்தால், இந்த ஆய்வே வெறுங்கையோடு முடிந்திருக்கும்.

இதோடு ஒட்டியே பாலினத் தவறு வருகிறது. 'பெண்கள் எப்போதும் திருத்தமான வடிவத்தைப் பேசுவார்கள்' என்று பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பெல்டன் ஹையில் ஐகாரத்தை மிகத் தீவிரமாகத் தூக்கியவர்கள் பர்ன்அவுட் பெண்களில் ஓர் உட்கூட்டம்தான். அந்தக் கூட்டத்திலேயே அதிகம் ஊர் சுற்றியவர்கள், பள்ளியை அதிகம் உதறியவர்கள் அவர்கள். மறுபக்கம் ஜாக் பெண்கள் நேர் எதிர்க் கோடியில் நின்றார்கள். எக்கர்ட் இதைப் பேச்சின் மற்ற கூறுகளிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்: இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பையன்களைவிடப் பெண்களிடம்தான் அகலம். அவர் தரும் காரணம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. பையன் ஓடியோ சண்டை போட்டோ வண்டி ஓட்டியோ தன் இடத்தைக் காட்டிவிடலாம். பெண்ணுக்கு அந்த வழிகள் குறைவு. உடை, தலைமுடி, பேச்சு என்று அடையாளங்களால்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் வர்க்கத்துக்கு இவ்வளவு, பாலினத்துக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் பார்த்துக் கூட்டுவது இங்கே சரிவராது. பெல்டனில் எல்லாப் பெண்களையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் இரண்டு கோடிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவில் ஒரு சாதாரண எண் வரும். அப்புறம் 'பாலினத்தால் பெரிய வேறுபாடு இல்லை' என்று எழுதுவோம். உண்மையில் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்த இடமே அதுதான். சராசரியோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியாக வரைந்து பாருங்கள். புள்ளிகள் இரண்டு திட்டாகப் பிரிந்து நின்றால் உங்கள் கட்டம் தவறு.

இனி அளக்கும் வேலை. என் அனுபவத்தில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. நானும் சறுக்கியிருக்கிறேன். என் முதல் அட்டவணையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஐகாரத்தில் அழகான வேறுபாடு தெரிந்தது. திரும்பப் பார்த்தபோது, ஆண்களின் பதிவில் 'டைப்', 'லைக்' போன்ற சொற்களும் பெண்களின் பதிவில் 'டைம்', 'மைன்' போன்ற சொற்களும் அதிகமாக இருந்தன. ப, க போன்ற குரலில்லா மெய்க்கு முன்னால் உயிர் குறுகும்; பலருக்குத் தொடக்கமும் உயரும். கனடா ஆங்கிலத்தில் இது பேர்போனது. நான் கண்டுபிடித்தது பாலினத்தை அல்ல, பின்னால் வந்த மெய்யை. டைப்பை டைப்போடும் டைமை டைமோடும்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, அளவை அப்படியே ஒப்பிடுவது. பேசும்போது குரல்குழல் வலுப்படுத்தும் அதிர்வெண்களை ஃபார்மன்ட் என்பார்கள். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அவற்றில் முதலாவது காட்டும். திறப்பு கூடினால் எண் கூடும், ஒலி உயர்ந்தால் எண் குறையும். ஆனால் குரல்குழல் குட்டையானவருக்கு எல்லா ஃபார்மன்ட்களும் மேலே இருக்கும். பெண்களுக்குப் பொதுவாக அப்படித்தான். விளங்குவதற்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆணின் ஐகாரத் தொடக்கம் 620 ஹெர்ட்ஸ், ஒரு பெண்ணுடையது 690. எண்ணை மட்டும் பார்த்தால் பெண்ணின் ஒலி தாழ்ந்தது, ஆணுடையதுதான் தூக்கியது என்று தோன்றும். இப்போது அவரவர் பேசும் எல்லா உயிர்களின் சராசரியையும் பரவலையும் எடுப்போம். ஆணுக்குச் சராசரி 500, திட்ட விலக்கம் 120. பெண்ணுக்குச் சராசரி 600, திட்ட விலக்கம் 180.

```
ஆண்:  (620 - 500) / 120 = 1.0
பெண்: (690 - 600) / 180 = 0.5
```

முடிவு தலைகீழாகிவிட்டது. தன் வாயின் வீச்சுக்குள் பார்த்தால் பெண்தான் தூக்கிப் பேசுகிறார். இது லொபானோவ் 1971இல் முன்வைத்த முறை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆளின் எல்லா உயிர்களும் கையில் இருக்க வேண்டும். ஐகாரத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தால் சராசரி என்பதற்கே அர்த்தம் இல்லை. இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். ஆண் பெண் வேறுபாடு முழுக்க உடலால் வருவதல்ல. பருவம் எய்தாத, குரல்குழலின் நீளம் அதிகம் பிரியாத பிள்ளைகளின் குரலைக் கேட்டே பையனா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. அதில் கற்றுக்கொண்ட பங்கும் உண்டு.

Praat மென்பொருளில் அளப்பவர்கள் ஃபார்மன்ட் உச்சவரம்பைப் பாருங்கள். அது தானாக வைத்திருக்கும் 5500 ஹெர்ட்ஸ் பெண் குரலுக்குப் பொருந்துவது. ஆண் குரலுக்கு 5000 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நெருங்கியிருக்கும் முதல் இரண்டு ஃபார்மன்ட்களும் ஒன்றாகிவிடக்கூடும். சிவப்புப் புள்ளிகள் கரும்பட்டையின் மேல் படாமல் தாவினால் இதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். உயிரின் நடுவில் ஒரே ஓர் அளவு எடுப்பதும் ஐகாரத்துக்கு உதவாது. கால அளவில் 20 விழுக்காட்டில் ஒன்று, 80 விழுக்காட்டில் ஒன்று என்று குறைந்தது இரண்டு அளவுகள் எடுத்தால்தான் தொடக்கம் உயர்ந்ததா, முடிவு தேய்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முடிவு தேய்வதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 'டைம்' 'டாம்' ஆவது அமெரிக்கத் தெற்கின் அடையாளம். அதற்குள்ளேயே ஒரு படி இருக்கிறது. குரலுள்ள மெய்க்கு முன்னால் தேய்வது தெற்கில் பரவலானது, படித்தவர்களிடமும் உண்டு. 'டைப்' கூட 'டாப்' ஆவது அப்பலாச்சிய மலைப்பகுதி, டெக்சாஸ் போன்ற இடங்களோடு சேர்ந்தது. அதை நாட்டுப்புறத்து, எளியவர் பேச்சு என்று தாழ்த்திப் பார்க்கிறவர்கள் அதிகம். ஊரும் வர்க்கமும் ஒரே உயிரில் ஒட்டியிருப்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது.

கடைசித் தவறு, கேட்கும் காதை நம்புவது. ப்ளிக்டாவும் பிரெஸ்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 'கைட்', அதாவது வழிகாட்டி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் ஐகாரத்தைக் கணினியால் ஏழு படிகளாகத் தேய்த்தார்கள். ஆண் குரலில் ஒரு வரிசை, பெண் குரலில் ஒரு வரிசை. வடக்கே மிச்சிகனிலிருந்து தெற்கே அலபாமா வரை வரிசையாக ஒன்பது ஊர்களைக் காட்டி, பேசியவர் எந்த ஊர் என்று கேட்டார்கள். தேய்வு ஒவ்வொரு படி கூடக் கூட, கேட்டவர்கள் தெற்கே தெற்கே நகர்ந்தார்கள். அதே அளவு தேய்ந்த ஒலியை ஆண் குரலில் கேட்டபோது, பெண் குரலில் கேட்டதைவிட இன்னும் தெற்கே கொண்டு வைத்தார்கள்.

ஆகவே பதிவுகளைக் காதால் கேட்டு 'தேய்ந்தது', 'தேயவில்லை' என்று குறிப்பவர் ஆண்களுக்குக் கூடுதலாகவே 'தேய்ந்தது' போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. சொற்களைத் தனியாக வெட்டி, ஆட்களைக் கலந்து, பெயரும் ஊரும் தெரியாமல் குறிக்க வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். குரலை மறைக்க முடியாது. அதனால் ஆண்களிலும் பெண்களிலும் ஒரு பங்குச் சொற்களையாவது மேலே சொன்னபடி அளந்து, காது போட்ட குறியோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள்.